பருப்புத் தண்ணீர்

“ரத்தத்துல இறங்கின யூரியாவை நானே மறுபடி ஏத்திவிடணுமா, சயாமா?” என்று அந்த அம்மா கேட்டபோது, ஆமாம், கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை என்றேன். அந்தப் பதில் சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டிய விதம் வேறோ என்ற ஐயம் தீரவில்லை.

அவர் கணவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் இன்னும் டயாலிசிஸ் நிலைக்கு வரவில்லை. சர்க்கரை நோயும் இல்லை. வீக்கம் இல்லாத நிலையில் எடை 60 கிலோ என்பதால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 கிராம் புரதம் என்று மருத்துவர் வரம்பு வைத்திருந்தார். அதை வேளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது உணவு ஆலோசகரான நான். மதியமும் இரவும் சமைக்காத அரிசி 110 கிராம், சமைக்காத பருப்பு 20 கிராம், காய் 100 கிராம். ஒரு வேளைக்கு அரிசியில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், பருப்பில் 4 கிராமுக்கு மேலும், காயில் ஒன்றிரண்டு கிராமுமாக 14 கிராமுக்குள் முடியும். காலையில் அரிசிப் பலகாரமும் சிறிது பால் விட்ட தேநீரும் மீதியைப் பெரும்பாலும் நிறைத்துவிடும். நாள் முழுவதும் சோறுதான் பருப்பைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு புரதம் தருகிறது என்பதை வீட்டில் யாரும் எளிதில் நம்புவதில்லை. பருப்பைத்தான் எல்லோரும் பயத்தோடு பார்க்கிறார்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில், புரதம் சிதைந்து உண்டாகும் கழிவான யூரியா நன்றாக இறங்கியிருந்தது. வீட்டார் மகிழ்ந்தார்கள். எனக்கு உறுத்தியவை இரண்டு: எடை ஏறக்குறைய 3 கிலோ குறைந்திருந்தது, பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பொட்டாசியமோ சற்று ஏறியிருந்தது. வீக்கம் ஏற்கெனவே இல்லாததால் எடை குறைந்ததற்கு நீர் வடிந்தது காரணமில்லை. சட்டையின் தோள்பகுதி தொங்கியது, நாற்காலியிலிருந்து கையூன்றித்தான் எழுந்தார். என்ன சமைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காமல், எப்படிப் பரிமாறுகிறீர்கள் என்றும் கேட்டேன். வீட்டுக்கெல்லாம் ஒரே சட்டியில் பருப்பு வேகும். அடியில் தங்கிய கெட்டியைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு கணவரின் சோற்றில் ஊற்றியிருக்கிறார். “பருப்பே சேர்க்கல, வெறும் தண்ணிதான்” என்று அவர் சொன்னதில் எவ்வளவு அக்கறை இருந்தது!

அந்தத் தண்ணீரில்தான் வேகும்போது கரைந்து இறங்கிய பொட்டாசியம் இருக்கிறது, புரதமோ பெரும்பாலும் அடியிலுள்ள பருப்போடு நின்றுவிடுகிறது. விட வேண்டியதைக் கொடுத்து, கொடுக்க வேண்டியதை விட்டிருந்தார். ருசியில்லாமல் கணவர் சோற்றையும் குறைத்துக்கொண்டதால் புரதம் 25 கிராமைக் கூட எட்டவில்லை. சோறும் எண்ணெயும் தரும் சக்தி போதாதபோது உடல் தன் தசையையே கரைத்து எரிக்கும். உண்ணும் புரதம் குறைந்தால் யூரியா இறங்கும். தசை கரைந்தால், தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினும் குறைந்து, சிறுநீரகம் தேறியதுபோலத் தோன்றும்.

இதையெல்லாம் விளக்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் சொன்ன ஏற்பாடு எளியது: அவருடைய 20 கிராமைத் தராசில் ஒரு முறை நிறுத்து, சிறு டம்ளரில் அந்த மட்டத்துக்குக் கோடு கீறிக்கொள்வது, தனிச் சட்டியில் நிறையத் தண்ணீரில் போட்டு, பருப்பு குழைவதற்கு முன்பே அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, முழுவதையும் அவர் தட்டிலேயே இடுவது. பசிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. அதில் புரதம் ஏறக்குறைய இல்லை, சக்தி உண்டு. தாளிப்பில் எண்ணெய்க்குத் தயங்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

அடுத்த முறை எடை நின்றது; பொட்டாசியம் இறங்கியது; யூரியா ஓரளவு ஏறியது. எனக்கு அது நிம்மதி. அந்த அம்மா தாளில் யூரியா வரியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. ஏறும் என்று முன்பே சொல்லியிருந்தேன்தான். எவ்வளவு வரை ஏறலாம் என்பதை மருத்துவரிடமே அன்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்திருந்தால் அந்த விரல் நடுங்கியிருக்காதோ என்று தோன்றுகிறது. ஆனால் அப்படிக் காத்திருந்தால் இன்னும் பல நாள் தண்ணீர்ச் சோறுதானே அவருக்குக் கிடைத்திருக்கும் என்று மறுகணமே தோன்றுகிறது.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டால், அதிலேயே புரதத்தின் ஒரு பங்கு வெளியேறுவதால், அவருடைய வரம்பு 60 கிராமுக்கும் மேலே போகும். டம்ளரில் கோடு கீறி வைத்திருக்கும் அந்த அம்மாவிடம், கோட்டைத் தாண்டி நிரப்புங்கள் என்று அன்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கும்.