பிற்பகல் கட்டு

பிளஸ் டூ வரலாற்று விடைத்தாள்களைத் திருத்தும் முகாமின் ஐந்தாம் நாள் மாலையில் முதன்மைத் தேர்வாளர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் உண்மைதானா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

அன்று பிற்பகல் கட்டின் பன்னிரண்டு தாள்களையும் முடித்துவிட்டு, என் வழக்கப்படி சராசரியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். தொண்ணூறுக்கு முற்பகல் கட்டில் 58, பிற்பகல் கட்டில் 57. களைப்பு என் கையை இறுக்கவுமில்லை, தளர்த்தவுமில்லை என்பதற்கு அதையே சான்றாகக் கொண்டிருந்தேன். முதன்மைத் தேர்வாளர் என் கட்டிலிருந்து எட்டாவது தாளை எடுத்து, ஐந்து மதிப்பெண் வினா ஒன்றின் பக்கத்தைத் திறந்தார். விடைக்குறிப்பை நீளவாக்கில் மடித்து, நான் மதிப்பெண் இட்டிருந்த இடது ஓரத்தை மறைத்துவிட்டு, "சார், இதை இப்போது படித்து எவ்வளவு தரலாம் என்று சொல்லுங்கள்" என்றார்.

சட்டமறுப்பு இயக்கத்தைப் பற்றிய விடை அது. உட்தலைப்பு இல்லை, அடிக்கோடு இல்லை. ஒன்றரைப் பக்கம் ஒரே பத்தியாக ஓடியது. ஆனால் 1930 மார்ச் 12இல் சபர்மதியிலிருந்து புறப்பட்டதும், ஏப்ரல் 6இல் தண்டியில் உப்பெடுத்ததும், காந்தி கைதானதும், 1931இல் இர்வினோடு ஏற்பட்ட ஒப்பந்தமும் அந்தப் பத்திக்குள் முறையாக இருந்தன. "நான்கு தரலாம், மேடம்" என்றேன். அவர் காகிதத்தை நகர்த்தினார். என் சிவப்பு மையில் 2 என்று இருந்தது.

"சராசரி ஒன்றாகத்தானே இருக்கிறது?" என்று நான் கேட்டபோது, கடைசித் தாளைக் காட்டினார். அதே வினாவுக்கு அதில் ஐந்து உட்தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் கோடு. தலைப்புகளுக்குக் கீழே இருந்த வரிகள் வினாவையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன. அதற்கு நான் 4 இட்டிருந்தேன். களைத்த கண் படிப்பதை விட்டுவிட்டுத் தலைப்புகளைத் தேடத் தொடங்கிவிடுகிறது. தேடியது கிடைத்தால் கொடுக்கிறது, கிடைக்காவிட்டால் குறைக்கிறது. ஒருவருக்குக் குறைந்ததும் இன்னொருவருக்குக் கூடியதும் சரிக்குச் சரியாகிவிடுவதால் சராசரி அசைவதில்லை. அப்படியே அது அசைந்திருந்தாலும், பன்னிரண்டு தாள்களில் அது என் சறுக்கலா, அந்த மையத்து மாணவர்களின் தரமா என்று பிரித்தறிய முடியாது.

கூர்ந்தாய்வாளர் கூட்டல் பிழையையும் திருத்தாமல் விட்ட பக்கத்தையும் பிடித்துவிடுவார். இதைப் பிடிக்க அவருக்கு வழியில்லை. ஓரத்தில் ஏற்கெனவே ஓர் எண் இருக்கும்போது, மேற்பார்வையிடுபவரின் கண்ணும் அதை ஒட்டியே போகும். அதனால்தான் அந்த அம்மையார் மறைத்துவிட்டுப் படிக்கச் சொன்னார். மறுநாள் முதல் நானும் அதையே செய்கிறேன். மதிய உணவுக்குப் பின் புதிய தாளைத் தொடுமுன், முற்பகலில் 2 பெற்ற ஒரு விடையையும் 4 பெற்ற ஒரு விடையையும், உட்தலைப்பு இல்லாதவையாகத் தேர்ந்து, ஓரத்தை மறைத்து மீண்டும் படிக்கிறேன். ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் விலகினால் விடைக்குறிப்பை முதலிலிருந்து படித்துவிட்டே தொடர்கிறேன். மேலும், ஐந்து மதிப்பெண் விடைகள் ஏழின் மதிப்பெண்களைத் தாளுக்கு ஒரு வரியாகத் தனித்தாளில் எழுதிவருகிறேன். காலையில் 5, 2, 4, 0, 3, 5, 1 என்று ஏறி இறங்கும் வரிசை, மூன்று மணிக்கு மேல் 3, 3, 3, 2, 3, 3, 3 என்று தட்டையானால், அது இன்னொரு வகைச் சறுக்கல்: முடிவெடுக்கச் சோம்பி நடுவில் நின்றுவிடுவது. அப்போது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருகிறேன்.

இவையும் முழுக் காவல் அல்ல. காலையில் திருத்திய விடை மாலையில் ஓரளவு நினைவில் இருக்கும். ஓரத்தை மறைத்தாலும் நினைவை மறைக்க முடியாது.

அன்று அந்தக் கட்டை மறுபடி முழுவதும் படித்தேன். பத்தியாக எழுதியிருந்த நால்வருக்கு மூன்று முதல் ஐந்து மதிப்பெண் வரை கூடியது. தலைப்புக் கோட்டுக்காக நான் கூட்டிக் கொடுத்திருந்தவர்களுக்குக் குறைக்க மனம் வரவில்லை. ஒரே அளவுகோலை மீட்கத்தானே மறுபடி படித்தேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கட்டை ஒப்படைக்கும்போதுதான் முதன்மைத் தேர்வாளர் கேட்டார்: "முந்தைய நான்கு நாளும் இப்படி இருந்திருக்குமா, சார்?"

"இருக்காது, மேடம். இன்றைக்கு வெயில் அதிகம்" என்றேன்.

அந்த நான்கு பிற்பகல்களின் நாற்பத்தெட்டுத் தாள்களும் அதற்குள் மதிப்பெண் பட்டியலோடு போய்விட்டிருந்தன. அவற்றைத் திரும்பக் கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது என்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பத்தியாக எழுதி 2 வாங்கிய பிள்ளைக்குத் தான் நன்றாக எழுதியிருந்தோம் என்று தெரிந்திருக்குமா? அந்த நான்கு நாட்களிலும் வெயில் ஒன்றும் குறைவாக இல்லை.