கேள்வி வேடத்தில் வரும் அறிவுரை

"வேலையை விட்டுடலாமான்னு இருக்குண்ணா" என்றாள் டீமில் இருக்கும் ஜூனியர். "மேனேஜர்கிட்ட பேசினியா?" என்று கேட்டால் அது கேள்வியே இல்லை, அறிவுரைதான். 'ஏன்' என்று கேட்டாலோ நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

"இதுல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்றேன். சம்பளம் என்றாள்.

"வேற என்ன?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிடுகிறோம். அப்புறம்தான் வந்தது: இரவு 10 மணிக்கு மேல் வரும் கிளையன்ட் கால்கள்.

"அதுல எதை மாத்த முடியும்னு நினைக்கிற?"

வாரத்தில் இரண்டு நாளாவது அந்தக் கால்களைக் காலை நேரத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அவளே சொன்னாள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று அவள் கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னேன். அது தகவல், அதற்கு எதிர்க்கேள்வி தேவையில்லை.