கல்யாண மண்டப அட்வான்ஸ்: ரத்தானால் கணக்கை எப்படி முடிப்பது

பெங்களூரு அல்சூர் பக்கத்து மண்டபங்களில் புக்கிங்குக்கு வருகிறவர்களில் பலர் ஓசூர், கிருஷ்ணகிரி, சென்னையிலிருந்து வருகிற தமிழ்க் குடும்பங்கள். நாள் குறித்துக்கொண்டு வந்ததும் ஒரு தொகையை மொத்தமாகக் கட்டுவார்கள். அலுவலகத்தில் ஒரே ரசீது போட்டு ஒரே தலைப்பில் வரவு வைப்பார்கள். கல்யாணம் நடந்துவிட்டால் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ரத்தானால்தான் சிக்கல். அந்த ஒரே தொகைக்குள் வாடகை அட்வான்ஸ், சேத டெபாசிட் என்று இரண்டு தனித்தனிப் பணம் இருக்கிறது. இரண்டுக்கும் வரி விதி வேறு.

நாங்கள் கணக்கை முடித்த விதத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். பிப்ரவரி 15 முகூர்த்தம். வாடகை 3,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 54,000, ஆக மொத்தம் 3,54,000. செப்டம்பரில் பெண் வீட்டார் 1,43,000 கட்டுகிறார்கள். இதில் 1,18,000 வாடகை அட்வான்ஸ், 25,000 சேத டெபாசிட். இரண்டுக்கும் தனித்தனி ரசீது, தனித்தனிக் கணக்குத் தலைப்பு.

சேவைக்கு அட்வான்ஸ் வாங்கினால், வாங்கிய மாதக் கணக்கிலேயே ஜிஎஸ்டி கட்டவேண்டும். பொருள் விற்பவர்களுக்கு இருக்கும் விலக்கு மண்டபத்துக்குக் கிடையாது. கல்யாணம் முடிந்து பில் போடும்போது மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் இடைப்பட்ட மாதங்களுக்கு வட்டி சேரும். வாங்கிய 1,18,000 வரியும் சேர்ந்த தொகை, ஆகவே அதை 18/118-ஆல் பெருக்கினால் வரி 18,000 கிடைக்கும். 1,18,000-க்கு 18 சதவீதம் என்று போட்டு 21,240 கட்டிவிடுவது புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு. குடும்பம் சென்னையிலிருந்து வந்தாலும் மண்டபம் இருக்கும் இடமே கணக்கு, எனவே மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி 9,000, மாநிலத்தின் பங்கான எஸ்ஜிஎஸ்டி 9,000. அட்வான்ஸுக்கு ரசீது வவுச்சர் கொடுத்து, விற்பனை விவரம் தரும் GSTR-1 படிவத்தில், வாங்கிய அட்வான்ஸுக்கான 11A அட்டவணையில் வரி நீங்கலான 1,00,000 காட்டுகிறோம். கணக்குப் புத்தகத்தில் 1,18,000-ம் பொறுப்பாகவே நிற்கும், வருமானம் ஆகாது. கட்டிய 18,000 'அட்வான்ஸ் மீதான வரி' என்ற தனித் தலைப்பில் பற்றாக இருக்கும்.

டெபாசிட் 25,000-க்கு வரி இல்லை. அது திருப்பித் தரவேண்டிய பணம். கண்ணாடி உடைந்தது, பாத்திரம் காணவில்லை என்று அதிலிருந்து பிடித்தால்தான், பிடித்த தொகைக்கு வரி பற்றிய கேள்வியே எழும்.

டிசம்பர் 12-ஆம் தேதி ரத்துக் கடிதம் வருகிறது. நிகழ்ச்சிக்கு 65 நாள் இருக்கிறது. நம் படிவத்தில், 60 நாளுக்கு முன் ரத்து செய்தால் அட்வான்ஸில் பாதி பிடித்தம் என்று எழுதியிருக்கிறது. 59,000 பிடித்தம், 59,000 திருப்பம்.

பிடித்த பணம் அபராதம்தானே, சேவையே நடக்கவில்லையே, வரி எதற்கு என்று பலர் கேட்பார்கள். மண்டப உரிமையாளர்களே இதை முழுசாக நம்புகிறார்கள். 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதியிட்ட 178-ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியிருக்கிறது. வாடிக்கையாளர் சேவையைப் பயன்படுத்தாமல் விட்டதற்காகப் பிடிக்கும் தொகைக்கு, அந்தச் சேவைக்கு என்ன வரியோ அதே வரி. ஆகவே 59,000-க்குள் 50,000 ரத்துக் கட்டண வருமானம், 9,000 வரி. இதற்கு ஒரு பில் போடவேண்டும். பில் போடாமல் அட்வான்ஸ் கணக்கிலேயே பிடித்தத் தொகையை விட்டுவைத்தால், மூன்று வருடம் கழித்து யாருடைய பணம் என்று தெரியாத பாக்கியாக அது கிடக்கும்.

திருப்பித் தரும் 59,000-க்கு ரீஃபண்ட் வவுச்சர். பழைய ரசீது வவுச்சரின் எண்ணை அதில் குறிப்பிடவேண்டும். டிசம்பர் GSTR-1-இல் ரத்துக் கட்டண பில் 50,000, ஜிஎஸ்டி பதிவில்லாத வாடிக்கையாளர்களுக்கான ஏழாம் அட்டவணையில் போகும். செப்டம்பரில் காட்டிய 1,00,000 முழுவதையும், பில்லில் கழிந்த பாதி, திருப்பிய பாதி இரண்டையும் சேர்த்து, பழைய அட்வான்ஸைக் கழிக்கும் 11B அட்டவணையில் கழிக்கிறோம். நிகர விளைவாக அந்த மாத வரிப் பொறுப்பு 9,000 குறையும். அந்த மாதம் கழிக்கப் போதுமான வரி வேறு புக்கிங்குகளிலிருந்து இல்லையென்றால், அதிகமாகக் கட்டிய வரி என்ற வகையில், வரியைத் திரும்பக் கேட்கும் RFD-01 விண்ணப்பம் போடலாம், இரண்டு வருடத்துக்குள். இரண்டில் எந்த வழி என்பதை ஆடிட்டரோடு முடிவு செய்து புக்கிங் பதிவேட்டில் அந்த வரிசையிலேயே எழுதிவையுங்கள். 11B-இல் கழித்த வரிக்கே மறுபடி RFD-01 போடுவது, எழுதிவைக்காத அலுவலகங்களில் நடக்கிற காரியம்.

நல்ல மனசால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஜனவரியில் அதே பிப்ரவரி 15-க்கு வேறு குடும்பம் கிடைத்துவிடுகிறது. நமக்கு நஷ்டமில்லை, பாவம், பிடித்ததையும் கொடுத்துவிடுங்கள் என்று முதலாளி சொல்கிறார். கொடுப்பது சரியானதே. ஆனால் இப்போது ரீஃபண்ட் வவுச்சர் செல்லாது. பில் போட்டாகிவிட்டதால், அந்த பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட்தான். அது இல்லாமல் 59,000-ஐ அனுப்பிவிட்டால் 9,000 வரி மண்டபத்தின் கையிலிருந்து போனதாகிவிடும். கிரெடிட் நோட்டை, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டவேண்டும். தேதி மாற்றம் மட்டும் என்றால் இதெல்லாம் வேண்டாம். அது ரத்து அல்ல. அட்வான்ஸ் அப்படியே நிற்கட்டும், பதிவேட்டில் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதும் கணக்கு வேலைதான். கல்யாணம் நின்றுபோன வீட்டில் இரண்டு தரப்பும் பேசிக்கொள்ள மாட்டார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்பா, யுபிஐ-யில் அனுப்பியவர் தாய்மாமா என்றிருக்கும். வந்த வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். வேறு கணக்கு கேட்டால் பணம் கட்டியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அசல் ரசீதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவும். இங்கே 59,000-ம் டெபாசிட் 25,000-ம் சேர்த்து 84,000 ஒரே தடவையில் போகலாம், ஆனால் புத்தகத்தில் இரண்டு பதிவாக இருக்கவேண்டும். வாங்கும்போதும் ஒன்று கவனிக்கவேண்டும். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. 75,000-ஆக மூன்று தவணை வாங்கினாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

11A, 11B அட்டவணைகளில் எந்தக் குடும்பத்தின் பணம் என்று தெரியாது, மொத்தத் தொகைதான். அதனால் மாதக் கடைசியில் ஒரு சோதனை செய்கிறோம். அட்வான்ஸ் கணக்கின் பாக்கியை 18/118-ஆல் பெருக்கினால், 'அட்வான்ஸ் மீதான வரி' தலைப்பின் பாக்கியோடு ஒத்துப்போகவேண்டும். ஒரு மாதம் அட்வான்ஸ் பாக்கி 12,05,000 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,83,814 வருகிறது, வரித் தலைப்பிலோ 1,80,000 நிற்கிறது. வித்தியாசம் 3,814. அதைத் திருப்பி 118/18-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 25,000. யாரோ ஒரு வீட்டு டெபாசிட்டை அட்வான்ஸில் வரவு வைத்துவிட்டார்கள் என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. ரசீதுப் புத்தகத்தில் 25,000-ஐத் தேடினால் போதும்.