வெயில் ஒரு பக்கம்தான்

பயண விளம்பரம் ஒன்றுக்காக ஏசி சேர் கார் பெட்டியின் உட்புறத்தை வரைந்துகொண்டிருக்கிறோம். "அண்ணே, ரெண்டு பக்க ஜன்னல்லயும் வெயில் வந்தா பளிச்னு இருக்கும்ல?" என்றான் தம்பி. இருக்கும், ஆனா பார்க்கிறவனுக்கு ஏதோ பொய் என்று உடனே தோன்றிவிடும். கொருக்குப்பேட்டை, எண்ணூர் தாண்டி வடக்கே போகும் வண்டியில் காலை வெயில் வலப்பக்கம் மட்டும்தான் விழும், இடப்பக்கம் இருப்பவர்களுக்குக் கிடைப்பது லேசாக நீலம் கலந்த, நிழல் விழாத வானத்து வெளிச்சம். அந்த வித்தியாசம்தான் பெட்டிக்கு ஆழம் கொடுக்கிறது. அப்புறம், வெயில் நேராக முகத்தில் அடித்தால் யாரும் அமைதியாக உட்கார மாட்டார்கள், கண்ணைச் சுருக்குவார்கள், திரையை இழுப்பார்கள். அதனால் சூரியனைக் கொஞ்சம் மேலே ஏற்றி, வெளிச்சத்தை மடியிலும் கைப்பிடியிலும் விழவைத்தோம், அங்கிருந்து தெறித்து முகத்துக்குப் போவது போதும்.

இருக்கையில் நான் விடாப்பிடியாகக் கேட்டது ஒன்றுதான், ஆள் உட்கார்ந்த இடத்தில் மெத்தை அமுங்கணும், விளிம்புத் தையல் லேசாக வளையணும். இல்லையென்றால் ஆள் மிதப்பார். சாய்வும் எல்லா சீட்டிலும் ஒரே கோணத்தில் இருந்தால் ஷோரூம்தான், பயணிகளுக்கு அங்கே என்ன வேலை?

ஜன்னலுக்கு வெளியே என்ன வைப்பது என்பதில்தான் இன்னும் சண்டை ஓடுகிறது. கிளையன்ட் மலை கேட்கிறார், எனக்கு எண்ணூர் பக்கத்து உப்பங்கழி போதும்.