சாரிக் கணக்கு

மார்ச் 3, திங்கள்

தொட்டதற்கெல்லாம் 'சாரி' கேட்கும் பழக்கத்தைக் குறைக்க ஒரு பயிற்சி இது. முதல் மூன்று நாளைக்கு எதையும் மாற்ற வேண்டாம், எண்ணினால் போதும். 'சாரி' வாயில் வரும்போதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் கோடு போட்டு, யாரிடம், எதற்கு என்று பக்கத்தில் எழுதுங்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க", "தொந்தரவு பண்றேனா?", "எல்லாம் என்னாலதான்" இவையும் சேர்த்தி. நம் ஊர் சாரிகளில் பாதி இந்த வேஷத்தில்தான் வரும்.

மார்ச் 6, வியாழன்

இன்று சீட்டைப் பிரித்துவைத்து, ஒவ்வொரு கோட்டிடமும் ஒரே கேள்வி: என்னால் அவருக்கு என்ன நஷ்டம்? நேரம், பணம், பொருள், மனவருத்தம் என்று ஏதாவது ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிந்தால் கோடு இருக்கட்டும். இல்லையென்றால் அடித்துவிடுங்கள். பஸ்ஸில் அவர் நம் காலை மிதித்ததற்கு நாம் கேட்ட சாரி, விருந்தாளி வந்தபோது கரண்ட் போனதற்குக் கேட்ட சாரி எல்லாம் இங்கே கழியும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 66 மாணவர்களை 12 நாள், கேட்ட மன்னிப்போடு செய்த தப்பையும் இப்படிக் குறித்துவைக்கச் சொன்னார்கள். முடிவு 2010-இல் வெளியானது. பெண்கள் அதிக முறை மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். ஆனால் தப்பு என்று அவர்கள் எழுதியவையும் அதிகம். தப்பு என்று பட்டுவிட்டால் இரு பாலாரும் ஒரே விகிதத்தில்தான் கேட்டார்கள். அதனால் நாக்கைக் கட்டிப் பயனில்லை, எது தப்பு என்று அளக்கும் படியைத்தான் மாற்ற வேண்டும்.

மார்ச் 8, சனி

அலுவலகத்தில் அடிக்கடி கேட்பது: "சாரி சார், சாரி, ஒரு சின்ன டவுட், உங்க டைமை வேஸ்ட் பண்றேன்…" கேள்வி இன்னும் வரவேயில்லை. "சார், ரெண்டு நிமிஷம் இருக்கா? பிப்ரவரி பில்லுல ஒரு டவுட்" என்றால் முடிந்தது. மரியாதை 'சார்'லும் 'இருக்கா'விலும் இருக்கிறது.

20 நிமிடம் தாமதமாகப் போனால் கதை வேறு, அங்கே சாரி கட்டாயம். ஒரு தடவை சொல்லுங்கள்: "சாரிக்கா, 20 நிமிஷம் நிக்க வச்சுட்டேன்." எதிரில் இருப்பவர் இரண்டாம் முறை "பரவாயில்லை விடும்மா" என்கிறாரா? அளவு மிஞ்சிவிட்டது. காத்து நின்றவரே இப்போது நம்மைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்.

சாரிக்குப் பதில் நன்றி சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவுரை உண்டு. அக்காவிடம் "காத்திருந்தமைக்கு நன்றி" என்றால் மேடைப் பேச்சாகிவிடும். "ரொம்ப நேரமா நிக்கிறீங்களா, வாங்க போலாம்" போதும்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு இடத்தில் இது சறுக்கும். ஒன்று, "சாரி, சாரி சொல்லிட்டேன்". வந்த சொல் வந்துவிட்டது, திருத்தாமல் பேச்சைத் தொடருங்கள். இன்னொன்று, பயிற்சி வேகத்தில் உண்மையான தப்புக்கும் வாயடைத்துப் போவது. சந்தேகம் வந்தால் வியாழக்கிழமைக் கேள்விக்குத் திரும்புங்கள்.

வீட்டில் ஒருவருடைய கோபத்துக்கோ அடிக்கோ பயந்து சொல்லும் சாரி இந்தக் கணக்கில் வராது. அது அந்த நேரத்துக்கு ஒரு கவசம், பழக்கம் என்று நினைத்து அதை நிறுத்திப் பார்க்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரத்திலும் அழைக்கலாம்.