22 முதல் 26 வரை

வார்டன் சாரிடம் நான் கொடுத்த கடிதத்தில் விஷயம் என்று இருந்தது ஒரே வாக்கியம்தான். "என் வீட்டில் ஏற்பட்டுள்ள தவிர்க்க முடியாத சூழ்நிலை காரணமாகச் சில நாட்கள் ஊருக்குச் சென்று வர அனுமதி அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர், பொருள், 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்' எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'சூழ்நிலை', 'சில நாட்கள்' இரண்டுக்கும் வட்டம் போட்டார். தாளை என் பக்கம் திருப்பி மேசையில் நகர்த்தினார்.

அது 1986 அக்டோபர் 20, திங்கட்கிழமை சாயங்காலம். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கண்ணமங்கலம் தாண்டி, சந்தவாசல் பக்கம். 1989-இல் மாவட்டம் பிரிந்தபோது அது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. நான் படித்த காலத்தில் வேலூர் தலைநகராக இருந்த வடாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.

சனிக்கிழமை அப்பாவிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்திருந்தது. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. எதிர்வீட்டுப் பையனை விட்டு எழுதச் சொல்லியிருந்தார். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். "மல்லாட்டை முத்திப்போச்சி. ஆளுங்களைக் கேட்டுட்டேன், புதன்கிழமை பிடுங்குறோம். என் கை இப்படிக் கெடக்குது. அளந்து பேர் போட்டுக் கணக்கெழுத ஆள் இல்லை. நீ வந்தாத் தேவலை." அதற்கு முந்தின மாதம் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிப் போய்விட்டது. தம்பி ஏழாம் வகுப்பு.

இவ்வளவையும் நான் கடிதத்தில் எழுதவில்லை. என் அறையிலும் பக்கத்து அறையிலும் ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் அண்ணன் கல்யாணம், பாட்டி காரியம், காய்ச்சல் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மல்லாட்டை பிடுங்கப் போகிறேன் என்று கல்லூரி விடுதி வார்டனுக்கு எழுதலாமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் 'சூழ்நிலை' என்று போட்டு மூடிவிட்டேன்.

"சூழ்நிலைன்னா என்னப்பா? சாவா, கல்யாணமா?"

"மல்லாட்டை பிடுங்கணும் சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்பப் போட்டது?"

"ஜூலை 8 சார்."

"கொடியா, கொத்தா?"

"கொத்து சார்."

விரல் விட்டு எண்ணினார். "நாளைக்கு நூத்தியஞ்சு நாள். சரி. ஓட்டை உடைச்சுப் பார்த்தாங்களா? உள்பக்கம் கறுத்திருக்காமா?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவே இல்லை. மல்லாட்டை முற்றியதா என்பதை இலை பழுப்பதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நோய் விழுந்தாலும் இலை பழுக்கும். செடியைப் பிடுங்கி நாலைந்து காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். இளங்காயில் வெள்ளையாக இருக்கும், முற்றினால் கறுப்புப் படிந்துவிடும். அப்பா எப்போதும் அப்படிப் பார்த்துத்தான் ஆள் சொல்வார்.

"அப்பா பாக்காம எழுத மாட்டார் சார்."

"தீபாவளிக்கு ரெண்டு வாரம்கூட இல்லை. லீவுல போய்ப் பிடுங்குறதுதானே?"

"மழை வந்துடும் சார். கொத்து மல்லாட்டை முத்தின அப்புறம் ஈரம் பட்டா மண்ணுக்குள்ளேயே முளைச்சிடும்."

"இப்ப என்கிட்ட சொன்னதை ஏன் எழுதலை?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அப்புறம் பொறுமையாகச் சொன்னார்: "உன்னை அனுப்பினதுக்கு நான் நாளைக்கு முதல்வர்கிட்ட பதில் சொல்லணும். இந்தப் பையனை எதுக்கு வகுப்பு நாள்ல அனுப்பினே, பத்து நாள் கழிச்சு லீவுல போனா ஆகாதான்னு கேட்பார். அதுக்குப் பதில் உன் கடிதத்துல இருக்கணும். என் வாயில இருக்கக் கூடாது."

அடுத்த வட்டம் 'சில நாட்கள்'. எத்தனை நாள் என்றார். நாலைந்து நாள் என்றேன். "நாலா, அஞ்சா?"

எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. மெஸ் கணக்கை எடுத்து வைத்து அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. எங்கள் விடுதியில் மாதச் செலவு மொத்தத்தையும், எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டி வந்த எண்ணால் வகுப்பார்கள். வருவதுதான் ஒரு நாள் சாப்பாட்டின் விலை. ஊருக்குப் போனவனுக்கு அந்த நாட்களைக் கழிக்க வேண்டுமென்றால், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத் தொடர்ந்து ஐந்து முழு நாள் சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும். நாலு நாள் என்றால் ஒரு நாள்கூடக் கழியாது. முந்தின நாள் மாலை 4 மணிக்குள் மெஸ்ஸுக்குத் தகவல் போகவில்லை என்றாலும் கழியாது. மறுநாளுக்கு அரிசி அளந்து வைத்துவிடுவார்கள் அல்லவா.

"21 ராத்திரி கிளம்பி 26 ஞாயிறு திரும்பறே. 22, 23, 24, 25, 26. அஞ்சு நாள். ஆனா ஞாயிறு ராத்திரி இங்க வந்து தட்டை எடுத்தேன்னா நாலு நாள் ஆயிடும். அஞ்சு நாள் காசும் உங்கப்பா கட்டணும். என்ன செய்யப் போறே?"

"வீட்டுலேர்ந்து கட்டிகினு வந்துடறேன் சார்."

"அதையும் எழுது."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். விடுதி அனுமதி வேறு, வகுப்பு விடுப்பு வேறு. வார்டன் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகப் போய்வந்து, வருகைப் பதிவேட்டில் வரிசையாக 'வரவில்லை' என்று பார்த்துத் திகைத்த பையன்கள் எங்கள் விடுதியில் நிறையப் பேர். நான் மறுநாள் காலையிலேயே துறைத் தலைவரைப் பார்த்து மூன்று நாள் விடுப்பு வாங்கினேன். வியாழக்கிழமை ஆய்வக வகுப்பு ஒன்று இருந்தது. அதைத் திங்கட்கிழமை அடுத்த பிரிவோடு சேர்ந்து செய்துகொள்ள உதவியாளரிடம் பேசி வைத்தேன். மத்தியானம் இரண்டாம் கடிதத்தைக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்:

"ஐயா, எங்கள் நிலத்தில் ஜூலை 8 அன்று விதைத்த கொத்து மல்லாட்டை இன்றோடு 105 நாள் ஆகி முற்றிவிட்டது. மழை பிடித்தால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும் என்பதால் தீபாவளி விடுமுறை வரை காத்திருக்க இயலாது. என் தந்தையாருக்கு வலது கை எலும்பு முறிந்துள்ளது. ஆட்களுக்குக் கூலி அளந்து கணக்கெழுத வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆகவே 21-10-1986 செவ்வாய் மாலை வகுப்பு முடிந்தபின் புறப்பட்டு, 26-10-1986 ஞாயிறு இரவு 8 மணிக்குள் விடுதிக்குத் திரும்ப அனுமதி வேண்டுகிறேன். 22 காலை முதல் 26 இரவு முடிய எனக்கு மெஸ்ஸில் உணவு வேண்டாம். 22, 23, 24 ஆகிய நாட்களுக்குத் துறைத் தலைவரிடம் தனியே விடுப்புப் பெற்றுள்ளேன். தந்தையாரின் அஞ்சலட்டையை இணைத்துள்ளேன்."

போஸ்ட் கார்டைக் குண்டூசியால் குத்தியிருந்தேன். அவர் முதலில் அதன் தபால் முத்திரையைத்தான் பார்த்தார். பிறகு கடிதத்தைப் படித்தார். மார்ஜினில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி, கீழே 'மெஸ்: 5 நாள் கழிக்க' என்று தனி வரி போட்டுக் கையெழுத்திட்டார். "நாள் தள்ளிப் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. சனிக்கிழமையே தந்தி கொடு," என்றார். வாசலில் பதிவேட்டில் புறப்பட்ட நேரம் எழுதி, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஊரில் ஒன்றரை ஏக்கர். ஆம்பளை ஆட்கள் பிடுங்கிப் போடப் போட, பெண்கள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து காயை ஆய்ந்து குவித்தார்கள். எங்கள் பக்கம் அப்போது ஆய்கிற கூலி காசாகக் கிடையாது, காயாகத்தான். ஒவ்வொருத்தர் குவியலையும் மரக்காலில் அளந்து, பத்துக்கு ஒன்று அவர்களுக்கு. சாயங்காலம் ஆனால் இருபது குவியல் வரிசையாக நிற்கும். பேர் சொல்லி அளந்து எழுத வேண்டும். எண்ணிக்கை ஒன்று தப்பினால் ஒரு அம்மாவின் அன்றைய உழைப்பில் கை வைத்த மாதிரி ஆகிவிடும். அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு களத்து ஓரத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் ராத்திரி நான் கூட்டுத்தொகை சொல்வதற்கு முன்னால் அவர் மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை வந்துவிட்டது. ஆய்ந்த காயை எல்லாம் திண்ணைக்கு ஏற்றினோம், மீதிப் போரைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். மேட்டு மூலையில் கொஞ்சம் பிடுங்காமல் நின்றுவிட்டது. சனிக்கிழமை வெயில் அடித்தும் காய் காயவில்லை. இன்னும் இரண்டு நாள் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம் என்று எனக்கு ஆசை. கண்ணமங்கலம் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். அம்மாதான் மறித்தாள். "காயவெக்கறதுக்கு நாங்க இருக்கோம். கணக்கு முடிஞ்சிடுச்சி இல்ல. எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கே, போய்ச் சேரு." மேட்டு மூலையில் நின்ற செடியை அடுத்த வாரம் பிடுங்கியபோது பாதிக்குப் பாதி வெள்ளை முளை விட்டிருந்ததாக அப்பா பிறகு எழுதினார்.

ஞாயிறு இரவு ஏழே முக்காலுக்கு விடுதி வாசலில் இறங்கிப் பதிவேட்டில் நேரம் எழுதினேன். ஒரு கையில் புளிச்சோற்றுத் தூக்கு, இன்னொரு கையில் அம்மா கொடுத்தனுப்பிய மல்லாட்டைப் பை. வார்டன் சார் அறையில் விளக்கு எரிந்தது. பையை மேசையில் வைத்தேன். வேண்டாம் என்று கையால் மறித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே கைவிட்டு ஒரே ஒரு காயை மட்டும் எடுத்துக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த காய் என்றால் உள்ளே பருப்பு கலகலவென்று உருளும்.

"இன்னும் ரெண்டு நாள் காயணும்பா," என்றார். "மூட்டை கட்டிட வேணாம்னு உங்கப்பாவுக்கு நாளைக்கே ஒரு கார்டு போட்டுடு."