உடம்பு தேறியதை எழுதியபோது

சம்பா கதிர் வாங்கும் சமயத்தில் படுத்தவள், அடுத்த சம்பாவுக்கு நாற்று விட்ட பிறகுதான் துணையில்லாமல் தெருவில் நடந்தேன். இடையில் மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள், எங்கள் குடமுருட்டியிலும் வந்தது, குறுவை நடவும் முடிந்தது. எதையும் நான் பார்க்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "என்னதான் ஆச்சு?" சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கியது. ஊரிலும் திருச்சியிலும் சென்னையிலும் இருக்கிற சொந்தங்களுக்கு ஒரே கடிதமாக எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

எழுதக் கைவசம் இருந்தது ஒரு கோடு போட்ட நோட்டு. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோதெரபி அம்மா போடச் சொன்னது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் இன்றைக்கு என்ன செய்தேன், வலது பக்கம் மறுநாள் காலை எப்படி எழுந்தேன். அவ்வளவுதான். மறுநாள் காலை எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்கு வந்த மாதிரி நோவுல அசதி அன்னைக்கே தெரியாதும்மா. ஒருநாள், சமயத்துல ரெண்டு நாள் கழிச்சு வந்து படுக்கப்போடும். எழுதி வச்சாத்தான் எதுனால வந்துச்சுன்னு பிடிபடும்" என்றார்.

அது எப்படி உண்மை என்பதற்கு என் நோட்டிலேயே ஒரு இடம் இருக்கிறது. சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. காரில் போய், உட்கார்ந்து, சிரித்துப் பேசி, கலந்த சாதம் சாப்பிட்டுத் திரும்பினேன். இடது பக்கத்தில் "வளைகாப்பு, நன்றாக இருந்தேன்" என்று இருக்கிறது. மறுநாள் காலைக்கு "சுமார்". அதற்கும் அடுத்த நாள் வலது பக்கம் என் கணவர் கையெழுத்தில் இருக்கிறது, நான் பேனா பிடிக்கவில்லை. அதன்பின் விசேஷம் எதற்குப் போனாலும் முந்தின நாளும் பிந்தின நாளும் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. களைத்த பிறகு படுப்பதைவிட, களைப்பதற்கு முன்னாலேயே கொஞ்ச நேரம் சாய்ந்துவிடுவதுதான் எனக்கு உதவியது.

நடையும் அப்படித்தான் வந்தது. முதலில் கட்டிலை விட்டு இறங்குவதே ஒரு பாடம். எழுந்ததும் காலைத் தொங்கப்போட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கண் இருட்டிக்கொண்டு வரும். ரொம்ப நாள் படுத்தால் தொடைச் சதை சீக்கிரமே கரைகிறது. அதனால் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது தினப்படி பயிற்சி. பிறகு திண்ணை வரை, திண்ணையிலிருந்து பிள்ளையார் கோயில் வரை, கடைசியாகப் படித்துறை. ஒரு தூரம் பழகியதும் மறுநாளே கூட்டுவதில்லை. வலது பக்கத்தில் பல நாள் சேர்ந்தாற்போல் "சரி" என்று விழுந்தால்தான் அடுத்த தூரம். நடக்கும்போது கூட வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிற்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

கடிதத்துக்கு இந்த நோட்டுதான் அடி. நோயின் பெயர் இல்லாமலே என் கஷ்டத்தை இது சொல்லிவிடுகிறது என்று எழுதும்போதுதான் தெரிந்தது. பிள்ளையார் கோயில் வரை நடக்க எனக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று படித்தால், எங்கள் தெருவை அறிந்த யாருக்கும் மற்றது புரியும். நோயின் பெயர், ரத்தப் பரிசோதனைக் கணக்கு, உடம்புக்குள் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் எனக்கும் வீட்டுக்கும் வைத்தியருக்கும் போதும். மருந்தின் பெயரை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "அதே மாதிரிதான் எனக்கும் இருக்கு, அந்த அட்டையைக் காட்டேன்" என்று கேட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு எழுதிய அளவு இன்னொருவருக்குக் கேடாக முடியலாம்.

என் உடம்பைப் பற்றி நான் எழுதலாம். ஆனால் என்னால் மற்றவர்கள் பட்டதை அவர்களைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். கடிதத்தில் வருகிற ஒவ்வொருவரிடமும் அவரவர் பகுதியை வாசித்துக் காட்டினேன். என் கணவர் ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

கஷ்டத்தை மூடி மறைக்கவும் மனமில்லை. தலை வாரிக்கொள்ளக் கை தூக்க முடியாத நாட்கள் இருந்தன. வாசலில் சாணி தெளிக்கும் சத்தம் கேட்டால், அந்தப் பெண்ணின் தெம்பின் மேல் பொறாமையாக வரும். பத்தியம் சொல்லவும், கேட்டதற்கெல்லாம் ஒரு சாமியாரைச் சொல்லவும் வந்தவர்கள் மேல் கோபம் வந்தது. அவர்கள் அன்பாகத்தான் வந்தார்கள், ஆனாலும் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். யார் பெயரும் இல்லாமல் இதையும் எழுதினேன். இதை விட்டுவிட்டு நன்றியை மட்டும் எழுதினால் நன்றியும் பொய்யாகத் தெரியும்.

நன்றிதான் எழுதக் கடினமாக இருந்தது. "எல்லோரும் என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள்" என்று எழுதிப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை வாசகம் போல இருந்தது. அதை அடித்துவிட்டு, யார் எந்த நேரத்தில் எதைச் செய்தார்கள் என்று மட்டும் எழுதினேன். எங்கள் பத்து மா நிலத்தைக் குத்தகைக்காரர் தாமே பார்த்து, விதைக்கும் உரத்துக்கும் நடவு ஆட்களுக்கும் ஆன செலவை ஒரு சிட்டையில் எழுதி, வாரா வாரம் என் கட்டிலருகே நின்று வாசித்தார். எனக்குப் பாதி காதில் விழாது. ஆனாலும் வீட்டுக் கணக்கு இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்று அந்த வாசிப்பு சொன்னது. எதிர்வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் எங்கள் வாசலிலும் ஒரு கோலம் போட்டுவிட்டுப் போவாள். பெரியம்மா தூக்குவாளியில் குழைந்த பச்சரிசிக் கஞ்சியும், மிளகு குறைத்த பருப்பு ரசமும் கொண்டுவருவார். பக்கத்தில் உட்காருவார், எதுவும் கேட்க மாட்டார், வாளியைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்.

கடைசிப் பத்தியில் பூரண குணம் என்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. நிறைகுடம் இன்னும் தூக்க முடியாது. பந்தியில் சம்மணம் போட்டு முடிய உட்கார முடியாது. வரப்பில் நடப்பேன், வெயிலுக்கு முன் திரும்பிவிட வேண்டும். இந்த மூன்றையும் அப்படியே எழுதினேன். அதன்பின் கூப்பிடுகிறவர்கள் நாற்காலி போட்டு வைக்கிறார்கள்.

எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன் பெரியம்மாவிடம் அவர் பகுதியை வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "நல்லாத்தான்டி எழுதியிருக்க. ஆனா பாதி நாள் நான் வரலையே? முட்டி வலின்னு மருமகதானே கொண்டாந்தா. கஞ்சி வச்சதும் அவதான். அதை எழுது" என்றார். அந்தப் பத்தியைத் திரும்ப எழுதி, அண்ணியின் பெயரை முதலில் போட்டு, அன்று சாயங்காலமே அவரிடம் கொண்டுபோய் வாசித்தேன்.